சபைகளுக்கு இடையிலான உறவை வலையமைப்பாக வரைதல்: திருநெல்வேலித் திருச்சபைகள், 1820–1896

சபைகளின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒவ்வொரு சபையாகத்தான் எழுதியிருக்கிறோம். முதலூருக்கு ஒரு வரலாறு, மெஞ்ஞானபுரத்துக்கு ஒன்று, இடையன்குடிக்கு ஒன்று. நூற்றாண்டு மலர்களிலும் இதே முறைதான். ஆனால் முதலூரில் வேலை பழகிய உபதேசியார் சாயர்புரம் பக்கம் போனதும், நாசரேத்துப் பெண் சாத்தான்குளத்தில் வாழ்க்கைப்பட்டதும் இந்தத் தனித்தனி வரலாறுகளின் நடுவே விழுந்து காணாமல் போகின்றன. வலையமைப்புப் பகுப்பாய்வு அந்த இடைவெளியைப் பார்க்க உதவும் கருவி. சபைகள் கணுக்கள், அவற்றுக்கு இடையிலான உறவுகள் இணைப்புகள். கணக்குப் போடுவதில் சிரமம் குறைவு. எதை இணைப்பு என்று எண்ணுவது என்பதில்தான் சிரமம் எல்லாம். இக்கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறோம். மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த 1820 தொடங்கி, திருநெல்வேலி தனி மறைமாவட்டமான 1896 வரை. மூன்று வகை ஆதாரங்கள்: இங்கு ஊழியம் செய்த இரண்டு ஆங்கிலேய மிஷனெரி சங்கங்களில் ஒன்றான சி.எம்.எஸ். ஆவணங்கள் (இன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில்), மற்றொன்றான எஸ்.பி.ஜி. ஆவணங்கள் (ஆக்ஸ்போர்டில்), அப்புறம் பல ஊர்ச்சபைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் உள்ளூர்ச் சேகரங்களில் இருக்கும் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள்.

எது கணு?

சபை என்றதும் கோயிலும் மணிக்கூண்டும் நினைவுக்கு வரும். 1830களின் ஆவணத்தில் அது பல நேரம் ஒரு பனையோலைக் கொட்டகை, சில குடும்பங்கள், வாரத்தில் சில நாள் வந்துபோகும் ஒரு உபதேசியார், அவ்வளவுதான். அந்தச் சில குடும்பங்கள் அடுத்த ஆண்டு அறிக்கையில் வேறு ஊரோடு சேர்த்து எண்ணப்பட்டிருக்கும். ஆகவே சேகரத்தைக் கணுவாக எடுக்கவில்லை, ஊர்ச்சபையையே எடுத்தோம். சேகர எல்லைகள் அடிக்கடி மாறின. ஊர் அப்படி மாறவில்லை. எந்த ஆண்டில் எந்தச் சேகரம் என்பதைத் தனி நெடுவரிசையில் வைத்தால், வேண்டும்போது ஊர்களைக் கூட்டிச் சேகரமாகப் பார்த்துக்கொள்ளலாம். சேகரமாகப் பதிந்துவிட்டால் திரும்ப ஊராகப் பிரிக்க வழியில்லை.

பெயர்களில் இருக்கும் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கால்டுவெல் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் இடையன்குடியைக் கண்டுபிடிக்கவே பழக்கம் வேண்டும். மெஞ்ஞானபுரத்துக்கும் பல எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஊர்ப் பெயர்களையாவது வரைபடத்தை வைத்துத் தீர்க்கலாம். ஆட்பெயர்கள் அப்படி அல்ல. தேவசகாயம், ஞானமுத்து, மாசிலாமணி, வேதமாணிக்கம் என்று ஒரே திருமுழுக்குப் பெயரில் ஒரே பத்தாண்டில் பலர் ஊழியம் செய்திருப்பார்கள். தந்தை பெயரோ சொந்த ஊரோ பொருந்தாத வரை இரண்டு பதிவுகளை ஒரே ஆளாகச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். தவறாகப் பிரித்தால் ஓர் இணைப்பு குறையும். தவறாகச் சேர்த்தால் இல்லாத பாலமே எழும்பிவிடும். வலையமைப்பில் பின்னது பெரிய கேடு, ஏனென்றால் ஒரு சபை மற்றச் சபைகளுக்கு நடுவே எவ்வளவு பாலமாக நிற்கிறது என்பதை அளக்கும் இடைமை மதிப்பு அந்த ஒற்றைப் பாலத்தை நம்பியே உயரும்.

எது இணைப்பு?

இரண்டு வகைகளை மட்டும் எடுத்தோம்: உபதேசியார் மாற்றல், ஊர்விட்டு ஊர் நடந்த திருமணம். இரண்டையும் கூட்டி ஒரே வலையாக்கவில்லை. காரணம் இதுதான். உபதேசியாரை மாற்றியவர் மிஷனெரி, அதாவது மேலிருந்து வந்த முடிவு. திருமணத்தை முடித்தவர்கள் குடும்பத்தார். திருநெல்வேலியில் சபையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடார் சமூகத்தவர். சபை வரும் முன்பே இந்த ஊர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இருந்தது. அப்படியிருக்க, இரண்டு சபைகளுக்கு இடையே திருமணம் நிறைய நடந்திருப்பதைக் காட்டி ‘திருச்சபை உறவு வலுத்தது’ என்று எழுதுவது அவசரம். அது பழைய சம்பந்த வட்டத்தின் மேல் சபையின் முத்திரை விழுந்ததாகவும் இருக்கலாம்.

திருமணப் பதிவை எப்படி இணைப்பாக மாற்றினோம் என்பதற்கு ஒரு வரியை நெருக்கமாகப் பார்க்கலாம். கீழே உள்ளது விளக்கத்துக்காக நாங்கள் அமைத்த வரி, பதிவேட்டிலிருந்து எடுத்தது அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படியான பதிவேட்டில் மணமக்கள் பெயர், வயது, தொழில், திருமணத்தின்போது குடியிருந்த ஊர், தந்தை பெயர், சாட்சிகள் கையொப்பம் ஆகியவை இருக்கும். மணமகன் முதலூர், பனைத்தொழில். மணமகள் குடியிருந்த ஊர் நாசரேத்து. திருமணம் நடந்தது நாசரேத்துக் கோயிலில். முதலூர்–நாசரேத்து இணைப்பு ஒன்று என்று உடனே பதிந்துவிடத் தோன்றும். ஆனால் ‘சபை’ என்று அங்கே நெடுவரிசையே கிடையாது, இருப்பது குடியிருப்புதான். மணமகள் நாசரேத்துப் பள்ளியில் தங்கிப் படித்தவளாக இருந்தால் அவள் குடும்பத்தின் சபை வேறு எங்கோ இருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் தந்தை பெயரைத் தேடிக் கிடைத்தால் அந்த ஊரைப் பதிகிறோம். கிடைக்காவிட்டால் குடியிருப்பையே வைத்து, ‘உறுதி’ என்ற நெடுவரிசையில் 2 என்று போடுகிறோம். 1 என்பது இரண்டு பதிவேட்டில் உறுதியானது. முடிவுகள் எல்லாவற்றையும் ஒரு தடவை முழுத் தரவிலும், ஒரு தடவை உறுதி 1 மட்டும் வைத்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் நிற்பதை மட்டும் சொல்வது நல்லது.

ஆளிலிருந்து சபைக்கு

உபதேசியார் தரவு உள்ளபடியே இருவகை வலையமைப்பு: ஒரு பக்கம் ஆட்கள், மறுபக்கம் சபைகள். ஒரே ஆள் ஊழியம் செய்த இரண்டு சபைகளுக்கு இடையே கோடு போட்டால் சபை–சபை வலை கிடைக்கும். ஆட்களும் குழுக்களும் ஒன்றையொன்று வரையறுக்கின்றன என்று பிரீகர் 1974இல் காட்டியதன் நேரடிப் பயன் இது. இங்கேதான் இணைப்பு எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியாமல் ஊதிப்போகிறது. நான்கு சபைகளில் இருந்த உபதேசியார் 6 இணைப்புகளை உண்டாக்குவார். பத்து சபைகளைச் சுற்றியவர் 45. ஒரே ஒரு சுறுசுறுப்பான ஆளால் தேரிக்காட்டு ஊர்கள் எல்லாம் நெருங்கிய உறவு போலத் தோன்றும். ஆகவே நியூமன் 2001இல் தந்த எடையைப் பயன்படுத்துகிறோம்: ஒரு ஆள் k சபைகளில் இருந்தால், அவர் மூலம் வரும் ஒவ்வொரு இணைப்பின் எடை 1/(k−1). பத்து ஊர் சுற்றியவரின் ஒவ்வொரு கோடும் 1/9. ஒரு சபை அவர் மூலம் பெறும் மொத்தம் எப்போதும் 1தான். பைத்தான் மொழியின் NetworkX நிரல் நூலகத்தில் இது தயாராகவே இருக்கிறது:

```python
import networkx as nx
from networkx.algorithms import bipartite

G = nx.Graph()
for person, sabha in rows:
    G.add_edge(("p", person), ("s", sabha))

sabhas = [n for n in G if n[0] == "s"]
W = bipartite.collaboration_weighted_projected_graph(G, sabhas)
```

`("p", …)`, `("s", …)` என்று முன்னொட்டுப் போடுவது அழகுக்காக அல்ல. ஆளின் அடையாள எண்ணும் ஊரின் அடையாள எண்ணும் தற்செயலாக ஒன்றாகிவிட்டால் வலை சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

எடை போட்டாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: இந்த அளவு இணைப்பு தற்செயலாகவே வந்துவிடாதா? பெரிய சபைக்கு உபதேசியார்கள் நிறைய, ஆகவே எந்தச் சபையோடும் அதற்கு உறவு இருப்பது போலத் தெரியும். ஒவ்வொரு ஆளும் எத்தனை சபைகளில் இருந்தார், ஒவ்வொரு சபைக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கைகளை மாற்றாமல், யார் எங்கே என்பதை மட்டும் ஆயிரம் தடவை கலைத்துப் போட வேண்டும். உண்மையான எடை கலைத்த வலைகளில் கிடைப்பதை மிஞ்சும் கோடுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதையும் இரண்டு விதமாகச் செய்ய வேண்டும்: ஒன்று முழுக்கக் கலைத்து, மற்றொன்று அருகிலுள்ள ஊர்களுக்குள் மட்டும் கலைத்து. பக்கத்து ஊருக்கு மாற்றல் ஆவது செய்தியே இல்லை.

காலத்தை வெட்டுதல்

முழு 76 ஆண்டையும் ஒரே படமாக வரைந்தால் 1835இல் நடந்தது தெரியாது. அந்த ஆண்டு சி.எம்.எஸ். ரேனியஸை நீக்கியது. அவர் சில காலம் விலகியிருந்து, பிறகு பாளையங்கோட்டைக்கே திரும்பினார். உபதேசியார்களில் பலர் அவர் பக்கம் நின்றார்கள். 1838 ஜூனில் அவர் இறந்த பிறகே பிளவு ஆறத் தொடங்கியது. மொத்தப் படத்தில் முன்னும் பின்னும் உள்ள கோடுகள் அந்த மூன்று ஆண்டை மூடிவிடும். ஆகவே பத்தாண்டுகளாக வெட்டாமல் நிகழ்வுகளை ஒட்டி வெட்டினோம்: 1820–1834, 1835–1838, 1839–1857, 1858–1877, 1878–1896. 1857 நாசரேத்து வட்டாரத்தில் சட்டம்பிள்ளை தனிச்சபை கண்ட ஆண்டு. 1877 சார்ஜென்ட்டும் கால்டுவெல்லும் துணைப் பேராயர்களாக அருட்பொழிவு பெற்ற ஆண்டு. துண்டுகள் சமமில்லை, அதனால் இணைப்பு எண்ணிக்கைகளை ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் ஒப்பிட வேண்டும்.

சட்டம்பிள்ளையோடு போனவர்களை எப்படிக் கையாளுவது? 1857க்குப் பிறகு மிஷன் பட்டியலில் அவர்களுக்கு இணைப்புகள் இராது. மென்பொருள் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் மிஷன் எழுதுவதை நிறுத்தியதும் உறவு அறுந்ததும் ஒன்றல்ல. தரவில் அந்த இடங்களை 0 என்று போடாமல் வெறுமையாக விட்டு, எந்தச் சபை வலையின் நடுவில் நிற்கிறது என்று பார்க்கும் மையக் கணக்குகளிலிருந்து நீக்கிவிடுகிறோம்.

இரண்டு அலமாரிகள்

குழு கண்டறியும் அல்காரிதங்களை ஓட்டினால் உபதேசியார் வலை இரண்டு பெரிய துண்டாகப் பிரிவது ஏறக்குறைய நிச்சயம். ஒரு பக்கம் பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், டோனாவூர். மறுபக்கம் இடையன்குடி, நாசரேத்து, முதலூர், சாயர்புரம். மென்பொருள் சமூகத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று மகிழ வேண்டாம். முதல் பட்டியல் சி.எம்.எஸ்., இரண்டாவது எஸ்.பி.ஜி. இரு சங்கங்களும் தங்கள் ஆட்களைத் தங்களுக்குள்ளேயே மாற்றின, தங்கள் காகிதங்களைத் தனித்தனியே வைத்தன. நமக்குக் கிடைத்தது அலமாரியின் வடிவம். இதைச் சோதிக்கத் திருமண வலை உதவும், ஏனென்றால் ஊர்க்காரர்கள் பெண் பார்க்கும்போது சங்க எல்லையைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. திருமணக் கோடுகள் எல்லையைத் தாண்டும் விகிதமும் உபதேசியார் கோடுகள் தாண்டும் விகிதமும் எவ்வளவு விலகுகின்றன என்பதே இங்கே கேட்கத் தகுந்த கேள்வி. ‘எத்தனை குழுக்கள்’ என்பது அல்ல.

அதே எச்சரிக்கை மையத்துக்கும் பொருந்தும். பாளையங்கோட்டை எல்லா அளவுகோலிலும் நடுவில் வரும். அங்கே நிறுவனங்கள் இருந்தது உண்மை. காகிதம் அங்கே எழுதப்பட்டதும் உண்மை. ஒரு சபையின் பதிவேடு எத்தனை ஆண்டுக்குக் கிடைத்திருக்கிறது என்பதையும் அதன் இணைப்பு எண்ணிக்கையையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மையம் பற்றிப் பேசலாம். இரண்டும் சேர்ந்தே ஏறினால் அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் கரையான் தின்னாமல் விட்டது.

படம் பற்றி ஒன்று. வலை வரையும் மென்பொருளான Gephi தரும் சிக்கெடுக்க முடியாத நூல்கண்டுப் படத்தைக் கட்டுரையில் சேர்ப்பதில்லை. அதில் புள்ளிகளின் தூரத்துக்கு நிலப்பரப்பில் பொருளே இல்லை, ஆனால் திருநெல்வேலி வரைபடம் தெரிந்தவர் கண் அதை ஊர்களாகவே வாசித்துவிடும். அதற்குப் பதில் சபைகளைச் சங்க வாரியாகவும் வடக்கிலிருந்து தெற்காகவும் அடுக்கிய அணி அட்டவணையை ஒவ்வொரு காலத்துண்டுக்கும் ஒன்றாக அச்சிடுகிறோம். இணைப்பே இல்லாத சபைகளின் வரிசைகளையும் நீக்குவதில்லை. தரவுக் கோப்பில் 1896க்கு முந்தைய பெயர்களானாலும் ஆட்பெயர் நெடுவரிசையை வெளியிடாமல் அடையாள எண்ணை மட்டும் தருகிறோம். அந்தக் குடும்பங்கள் அதே ஊர்களில் இன்றும் இருக்கின்றன, யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பது அங்கே பழங்கதை ஆகிவிடவில்லை.