அஞ்சலையோட புருசன்

படையலில் ஒன்றும் குறையவில்லை. வஞ்சிரம் வறுவல், கறிக்குழம்பு, அவித்த முட்டை, வடை, ஓரமாக ஒரு பாக்கெட் சிகரெட். இருந்தும் ஆயா ஒரு குறை கண்டுபிடித்தாள்.

"டிவிய போட்டு வுடுங்கடி. நாடகம் ஓடலன்னா எம்புள்ள சோத்துல கை வெக்க மாட்டான்."

தினேஷ் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தவன் திரும்பினான். "இன்னா நாடகம் ஆயா பாக்கும் அப்பா?"

"மெட்டி ஒலி" என்றாள் ஆயா. அதே நொடியில் அம்மா, "அதான், அந்த மீன் விக்கிற பொண்ணு கத" என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மீன் விக்கிறவளா? எவடி அவ?"

"அஞ்சல. புருசன் லாஞ்சுல போனவன் திரும்பி வரலன்னு இவளே காசிமேட்டுல கூடைய தூக்கிகினு போவாளே. வட்டிக்காரன ஐஸ் கட்டியாலயே அடிப்பா. தெனம் சொல்வாரு எங்கிட்ட."

"அப்டி ஒரு நாடகமே வரல. நான் பாக்காத நாடகமா?" ஆயா அதோடு பேச்சை முடித்து, வடையை நிமிர்த்தி வைத்தாள்.

அம்மா நாடகம் எதையும் பார்த்தவள் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை, ஓவர்டைம் முடிந்து வீடு வர ஒன்பதரை பத்தாகிவிடும். அப்பா சொன்னதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. அந்த அப்பா 2014-ல் கண்டெய்னர் லாரியோடு ஹார்பர் க்யூவில் நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஸ்டான்லிக்குத் தூக்கிப் போவதற்குள் போய்விட்டார். தினேஷுக்கு அப்போது மூன்று வயது. அவரைப் பற்றி அவனுக்குச் சொந்தமாக ஞாபகம் இருப்பது டீசல் வாசனை ஒன்றுதான். அதுகூட பிறகு யார்மேலோ அடித்த வாசனையாக இருக்கலாம்.

அன்று ராத்திரி அம்மாவின் போனை வாங்கி யூடியூபில் தேடினான். அஞ்சலை சீரியல். மீன்காரி அஞ்சலை. அஞ்சலை காசிமேடு பழைய நாடகம். கானா பாட்டு வந்தது, மீன் சுத்தம் செய்யும் வீடியோ வந்தது, நாடகம் வரவில்லை. மெட்டி ஒலி வந்தது. அரைமணி நேரம் பார்த்தான். சிதம்பரத்துக்கு அஞ்சு பெண்கள், அஞ்சு பேருக்கும் கல்யாணம், அஞ்சு பேருக்கும் கண்ணீர். மீன் எங்கேயும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த ஆயா, போனில் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "சரோவப் பாரு, பாவம்" என்று மூக்கை உறிஞ்சினாள். "உங்கப்பன் இதப் பாத்து அழுவான்டா. ஆம்பள அழுவறானேன்னு நானே தலைய திருப்பிப்பேன்."

ஆனால் மெட்டி ஒலி முடிந்தது 2005-ல். அம்மா இந்த வீட்டுக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. கணக்கு உதைத்தது.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் ஒரு வசதி, யாரையும் தேடிப் போக வேண்டாம். படி இறங்கினால் போதும். அந்தக் காலத்தில் கீழேயிருந்து மூணாவது மாடிக்கு ஏறினால் வழியில் ஒரு வசனமும் தவறாது என்பார்கள், எல்லா வீட்டிலும் ஒரே சேனல். தினேஷ் ரெண்டாவது மாடியில் நூர்ஜகான் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினான்.

"உங்கப்பாவா? தென்றல்டா கண்ணு" என்றாள் அத்தை, கொஞ்சமும் யோசிக்காமல். "துளசி, தமிழு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா அண்ணனுக்கு மூஞ்சே செத்துரும். உள்ள வந்து உக்காரமாட்டாரு. பாய் ஊட்ல இல்லன்னா நெலப்படியத் தாண்டமாட்டாரு. தோ, இங்கதான். சாப்பாட்டு கேரியர் கையில, செருப்பு ஒரு கால்ல, இன்னொரு செருப்பு வெளில. 'தங்கச்சி, நேத்து இன்னா ஆச்சு?' அவ்ளோதான். நான் கேஸ் அடுப்ப சிம்முல வெச்சிட்டு வந்து சொல்வேன்."

"அவரு பாக்கமாட்டாரா?"

"எங்க பாக்கறது? ஹார்பர்ல கேட்டுக்குள்ள போறதுக்கு ரெண்டு நாளு வண்டிலயே கெடப்பாரு. உங்க ஊட்டு டிவி வேற, கவர்மெண்டு குடுத்தது, பாதி நாளு படம் பச்சையா தெரியும்."

"அதுல மீன் விக்கிற பொண்ணு வருமா அத்த?"

நூர்ஜகான் அத்தை நெடுநேரம் யோசித்தாள். வரவில்லை என்று சொல்ல அவளுக்கு மனசில்லை என்பது தெரிந்தது. "வந்திருக்கும்டா. அஞ்சு வருசம் ஓடுச்சே" என்றாள்.

மணி மாமாவைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அப்பாவிடம் கிளீனராக இருந்தவர், இப்போது சொந்தமாக டிரெய்லர் ஓட்டுகிறார். திருவொற்றியூர் பக்கம் லாரி நிறுத்தும் இடத்தில் டயரை இரும்புக் கம்பியால் தட்டித் தட்டிக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டயருக்கும் ஒரு தட்டு, காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பது, அடுத்தது. கேள்வியைக் கேட்டதும் கம்பியை நிறுத்தாமலே சிரித்தார்.

"பொம்பள நாடகமா? சேகர் அண்ணனா? யார்றா சொன்னது? அண்ணனுக்கு விடாது கருப்புடா. மர்மதேசம். ஸ்கூல் படிக்கசொல்ல பாத்தது, கடைசி வரைக்கும் அதையே சொல்லிகினு இருந்துச்சு. க்யூல வண்டி நவுராம நிக்கும், ராத்திரி ரெண்டு மணி. அண்ணன் கேபின் கதவுல கையால தட்டும். டக்கு டக்கு, டக்கு டக்கு. குதிர வருதாம். நான் கிளீனரு, சின்னப்பையன். ஒண்ணுக்கு எறங்கவே பயப்படுவேன்."

"அஞ்சலன்னு யார்னா..."

"அதெல்லாம் தெரியாது. ஆனா ஒண்ணு." மாமா கடைசி டயரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஊட்டுக்குப் போறதுக்கு முன்னால சரோஜா அக்கா கடையில வண்டி நின்னாதான் அண்ணனுக்கு இட்லி எறங்கும். அங்க எதுனா பேசிகினு இருக்கும். நான் தூங்கிடுவேன். அந்தக்காவ கேளு."

சரோஜா பெரியம்மாவுக்கு இப்போது கடை இல்லை. முட்டி தேய்ந்துபோய், கீழ்த்தளத்து வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். பத்து வருடம் முன்புவரை ப்ளாக் முனையில் சாயங்காலம் ஆறிலிருந்து பதினொன்று வரை அவள் இட்லிக் கடை. அதாவது எல்லா நாடகமும் ஓடும் நேரத்தில் அவள் ரோட்டில் இருந்தாள். தினேஷுக்கு இது உறைத்தபோது அவன் கேள்வியைக் கேட்டு முடித்திருந்தான்.

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தான்.

"அஞ்சலயா? ஐயோ, இன்னும் அந்தக் கழுதய வெச்சிகினு கீறீங்களா?"

"நீ பாத்தியா பெரிம்மா அந்த நாடகத்த?"

"பாக்கறதுக்கு அது வந்தாதானடா!" சிரிப்பு அடங்க நேரமானது. "ஒரு நாளு வந்தான் உங்கப்பன். மூணு நாளு க்யூல கெடந்துட்டு வந்துகீறான், மூஞ்சி தொங்கிப்போச்சு. யக்கா, நாடகத்துல இன்னா ஆச்சுன்னான். எனக்கு இன்னா தெரியும்? தெரியாதுன்னா ரெண்டு இட்லிய முழுங்கிட்டு கெளம்பிடுவான். சட்டியில நாப்பது இட்லி கெடக்குது. புதுசா ஒண்ணு வருதுடா, அஞ்சலன்னு, அந்த வேற சேனல்லன்னு எடுத்து வுட்டேன். புருசன் கடல்ல போயிட்டான்னு சொன்னேன். ஒரு இட்லி. வட்டிக்காரன் ஊட்டாண்ட வந்து நிக்கிறான்னேன். இன்னும் ரெண்டு இட்லி. சட்டி காலியாவற வரைக்கும் அவள அழ வெச்சேன்."

"அப்பா நம்பிச்சா?"

"மொத வாரம் நம்புனான்னு நெனைக்கிறேன். அப்பால ஒரு நாளு, 'யக்கா, அந்தச் சேனலு நம்ம கேபிள்ல வரவே மாட்டேங்குதே'ன்னான். எனக்குக் கையில கரண்டி நிக்கல. அப்புறம் அவனே, 'சரி, வுடு, வட்டிக்காரன் அப்பால இன்னா பண்ணான்'னு தட்ட நீட்டுனான்."

"எவ்ளோ நாளு சொன்ன?"

"அவன் போற வரைக்கும். நான் கடையில கல்லாவ பாப்பேனா, கதைய பாப்பேனா. பகல்ல மாவு ஆட்டசொல்ல யோசிச்சி வெப்பேன். ஒரு நாளு யோசிக்கல, அவசரத்துல புருசன் செத்துட்டான்னு சொல்லி முடிச்சிட்டேன். பொணம் கரை ஒதுங்கிடுச்சின்னேன். உங்கப்பன் அன்னிக்கு இட்லியே துன்னல. பொட்டலம் கட்டி எடுத்துகினு போனான். உங்கம்மாகிட்ட சொல்லிக்காதடா, இன்னா?"

தினேஷ் சொன்னான். அன்று ராத்திரியே, அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன். முழுவதையும் சொல்லவில்லை, அப்படியொரு நாடகம் இல்லவே இல்லையாம், சரோஜா பெரியம்மா கட்டிவிட்ட கதையாம், கடைசியில் புருசன் செத்துவிட்டானாம், அவ்வளவுதான். அம்மா பையைக் கதவோரம் வைத்தாள். கோபமா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு அப்படியே படி இறங்கினாள். தினேஷ் பின்னாலேயே ஓடினான்.

சரோஜா பெரியம்மா இவர்களைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழப் பார்த்தாள், முட்டி ஒத்துழைக்கவில்லை.

"யக்கா, அஞ்சல புருசன் செத்துட்டானா?"

"நான் இன்னாடி பண்றது? அன்னிக்கு மாவு புளிச்சிபோச்சி, அந்தக் கடுப்புல..."

"அவரு எங்கிட்ட அப்டி சொல்லல. போட்டு கவுந்துச்சி, அவன் நீந்தி நீந்தி காக்கிநாடா பக்கம் கரை ஏறிட்டான், நெனப்பு தப்பிப்போச்சி, ஒரு தெலுங்குக்காரி கஞ்சி ஊத்துனான்னு சொன்னாரு. ஒரு மாசம் அதே தெலுங்குக்காரி. எவ அவ, எதுக்கு ஊத்தறான்னு நான் சண்ட போட்டேன், ரெண்டு நாளு பேசாம இருந்தேன்."

"தெலுங்குக்காரியா? நான் தெலுங்குக்காரிய வெக்கவே இல்லியேடி!"

அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் இன்னும் தொங்கியது. சரோஜா பெரியம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கஞ்சி ஊத்துனா, சரி. அப்பால?"

"அப்பால அவனுக்கு நெனப்பு திரும்புச்சி. ஊருக்கு ரயில் ஏறுனான்."

"வந்து சேந்தானா?"

"கூடூர் வரைக்கும் வந்தான்" என்றாள் அம்மா. "அதுக்கு மேல அவரு சொல்லல."

"கூடூர்லேந்து மூணு மணி நேரம்தானடி. வுடு. டே தினேசு, மேல போயி உங்காயாவ கூட்டிகினு வா. எனக்கு அந்தத் தெலுங்குக்காரி மேலதான் சந்தேகமா கீது, அவளும் அதே ரயில்ல ஏறிகீறா."