இருபத்திரண்டும் எட்டும்

தண்டையார்பேட்டையில் நான் பொறியாளராக நின்று கட்டிக்கொண்டிருந்த வீட்டில், தரைத்தளக் கூடத்துக்கு மேலே போட்டிருந்த கான்கிரீட் தளம் நடுவில் தொய்ந்திருப்பதை முதலில் கண்டவர், பூச்சுக்கு அளவெடுக்க வந்த கொத்தனார்தான். அன்று தளம் போட்டு 15-ஆம் நாள். கூடம் 3.6 மீட்டருக்கு 4.8 மீட்டர், தளத்தின் கனம் 125 மில்லிமீட்டர். பீமிலிருந்து பீமுக்கு நூல் கட்டிப் பார்த்தபோது, நடுவில் 22 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. விதிப்படி, குறுகிய பக்கமான 3600 மில்லிமீட்டரை 250-ஆல் வகுத்தால் 14.4-தான் எல்லை. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அரசுப் பணியில் நாற்பது ஆண்டுகள் கட்டடங்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற ஐயா ராயபுரத்தில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னதுமே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"நெடுஞ்சாலையில் இரவெல்லாம் கண்டெய்னர் லாரிகள் போகின்றன, அந்த அதிர்வாக இருக்குமோ, ஐயா?" என்று கேட்டேன்.

"அதிர்வென்றால் இந்த ஒரு அறையை மட்டும் தேடிப் பிடிக்குமா, அம்மா? கீழே அளந்தாய். மேலே அளந்தாயா?"

நான் அளக்கவில்லை. மாடியில் நூல் கட்டிப் பார்த்தோம். மேற்பரப்பில் பள்ளம் 8 மில்லிமீட்டர்தான்.

"தளம் வளைந்திருந்தால் மேலும் கீழும் ஒரே அளவு இறங்கியிருக்க வேண்டும். மீதி 14 எங்கே போனது?"

சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நடுவில் தளம் தடிமனாக இருக்க வேண்டும்" என்றேன். ஓரமாக இருந்த துளைபோடும் கருவியால், கம்பியைத் தவிர்த்து நடுவில் ஒரு சிறு துளை போட்டோம். கொக்கி போல் வளைத்த கம்பியை உள்ளே விட்டு அளந்தால் 139. கான்கிரீட் ஊற்றும்போதே சென்ட்ரிங் 14 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. மேலே மட்டப்பலகை போட்டவர்கள் அதை அறியாமல் சமமாக இழுத்து நிரப்பிவிட்டார்கள். முட்டுகள் நின்ற இடம் புதிதாக நிரப்பிய மண். அடியில் பலகை வைக்கவில்லை. முந்தைய நாள் மழை வேறு. பலகை வைக்கச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

"அப்படியானால் வளைந்தது எட்டுதான், 14.4-க்குள் இருக்கிறதே" என்று நான் மூச்சுவிட்டதை அவர் ஏற்கவில்லை. மட்டம் இழுத்த பிறகும், இறுகுவதற்கு முன் முட்டு இறங்கியிருந்தால் அந்த எட்டிலும் ஒரு பங்கு அதனுடையதாக இருக்கலாம். ஆனால் உண்மையாகவே வளைந்த பங்கு எவ்வளவு சிறியதானாலும், பச்சைக் கான்கிரீட்டில் சுமை ஏற்றினால் அது ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் என்றார். டார்ச் விளக்கைத் தளத்தின் அடிப்பக்கத்தோடு ஒட்டிப் பிடித்தார். நீளவாட்டில், நடுவே, தலைமுடி போன்ற ஒரு விரிசல். குறுக்கு வளைவு அங்கேதான் அதிகம்.

"முட்டு என்று எடுத்தாய்?"

"8-ஆம் நாள். 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு ஏழு நாள் போதும் என்று விதியில் இருக்கிறதே."

"அது சாதா சிமெண்டுக்குச் சொன்னது. நீ போட்டது சாம்பல் கலந்த பி.பி.சி.; தொடக்கத்தில் மெதுவாகத்தான் பலம் ஏறும். மேலே என்ன வைத்தாய்?"

உள்சுவருக்காக 500 செங்கற்களை மறுநாளே நடுவில் அடுக்கியிருந்தோம். கல் மூன்று கிலோ. இரண்டு சதுர மீட்டரில் 1500 கிலோ. சதுர மீட்டருக்கு 200 கிலோ புழங்கும் சுமை என்று கணக்கிட்ட வீட்டுத் தளத்தில், 750.

உடனே கற்களை இறக்க ஆள் கூப்பிடப் போனேன். அவர் தடுத்தார். முதலில் முட்டு, பிறகுதான் கல். ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமா என்றும் கேட்டேன். "நடுவில் மேல்பக்கம் கம்பி கிடையாது. கீழிருந்து நெம்பினால் மேலே பிளக்கும். ஆப்பைக் கையால் தட்டிச் செருகு. தளத்தைத் தொட்டால் போதும்." இம்முறை பலகை வைத்து ஒன்பது முட்டுகள் நிறுத்தினோம். கற்களைச் சுவரோரம் பீமின் மேல் பரப்பிவைத்தோம். வடிவமைப்புப் பொறியாளருக்கு அளவுகளை எழுதி அனுப்பி, உள்சுவர் வேலையை நிறுத்தினேன்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள், ஆறு மணிக்கே போனேன். நேற்று இறுக்கமாக நின்ற நடுமுட்டைத் தொட்டதும் அசைந்தது. சுற்றியிருந்த இரண்டும் அப்படியே. நூல் கட்டினேன்: கீழே 21. மேலே ஓடிப்போய்க் கட்டினேன்: 7.

ஐயாவை அழைத்தேன். "தளம் மீள்கிறது. லேசாக ஆப்பைத் தட்டிவிடு. 28 நாள் முடியட்டும், பிறகு நடுவிலிருந்து சுவரை நோக்கி ஒவ்வொன்றாக எடு, ஒவ்வொன்றுக்கும் அளந்து எழுது" என்றார்.

தூணில் பென்சிலால் தேதியிட்டு எழுதினேன்: 21, 7. இடைவெளி அதே 14.