முன் இடது டயர் பற்றி

அண்ணே, போன் கேமரா உடைந்துவிட்டது, அதனால் எழுத்திலேயே சொல்கிறேன். டயர் 165/80 ஆர் 14. தேதி எண் 2319, அதாவது 2019-ம் ஆண்டு 23-வது வாரம்.

இன்ஜின் பக்கம் இருக்கும் உள் ஓரம்தான் மோசம். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டன் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. அங்கே தேய்மானக் கட்டையும் ரப்பரும் ஒரே மட்டம். கம்பி, நூல் எதுவும் வெளியே தெரியவில்லை. நடுக் காடியில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் 4 மி.மீ., வெளி ஓரத்தில் 5. வெளியிலிருந்து உள்ளே கையைத் தடவினால் வழுவழு, திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரி கீறுகிறது. வலது டயரில் இவ்வளவு இல்லை.

வெடிப்பு வெளிப் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் முடி போல. வால்வுக்கு நேர் எதிரே மட்டும் ஓர் அங்குல நீளத்தில் ஒன்று, அதில் நகம் மாட்டுகிறது. வீக்கம் இல்லை.

காற்று 33 வைத்திருக்கிறேன், வாரக்கணக்கில் இறங்குவதில்லை. வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. போன மாதம் ஒரு பள்ளத்தில் பலமாக விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை பழநி போகணும். அலைன்மென்ட் மட்டும் போதுமா, டயரையே மாற்றணுமா? ஸ்டெப்னி புதுசுதான், அதுவரை அதைப் போட்டு ஓட்டட்டுமா?