மழை மாதங்களில் உப்பளத்துப் பெண்கள்: நேர்காணல் வழிகாட்டி

தூத்துக்குடியில் முள்ளக்காடு, முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் 14 பெண்களிடம் நாம் நான்கு பேரும் ஜனவரி கடைசியிலிருந்து பேசப் போகிறோம். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைத்தண்ணீர் நின்று பாத்தியில் உப்பு விளையாத நாட்களில் வீடு எப்படி ஓடுகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, யார் முடிவெடுக்கிறார்கள். 2022 முதல் அரசு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது, அதைப் பற்றியும் கேட்போம், ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் நம்மை அரசு ஆள் என்று நினைத்துக்கொண்டு, பேச்சு முழுவதும் மனு கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

கேள்விகளை அப்படியே வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் மேற்கோள் குறிக்குள் வரும் முதன்மைக் கேள்வியை எல்லோரிடமும் கேட்டாக வேண்டும், வரிசை மாறலாம். துணைக்கேள்விகள் பேச்சு நின்றால் மட்டும். அவரே சொல்லிவிட்டதைத் திரும்பக் கேட்டால், நாம் காது கொடுக்கவில்லை என்று சரியாகவே புரிந்துகொள்வார்.

எங்கே, எப்போது

உப்பளத்தில் வைத்துக் கேட்கவே கூடாது. கங்காணி பக்கத்தில் நிற்கும்போது கூலி, முன்பணம் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் அவர்களுக்குத்தான் ஆபத்து. விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மதியத்துக்கு மேல், சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்த பிறகு, அவர்கள் சொல்லும் இடத்தில் பேசுவோம். முக்கால் மணி நேரம் போதும். வீட்டுக்காரரோ மாமியாரோ கூட உட்கார்ந்தால் விரட்ட வேண்டாம், ஆனால் கடன் பகுதியை அன்றைக்கு விட்டுவிட்டு இன்னொரு நாள் வருவோம்.

முதலில் சொல்ல வேண்டியது

"அக்கா, நாங்க காலேஜ்ல படிக்கிறவங்க. மழைக்காலத்துல வேலை இல்லாதப்போ நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு தெரிஞ்சு எழுதத்தான் வந்திருக்கோம். இதனால உங்களுக்குப் பணமோ திட்டமோ வரும்னு எங்களால சொல்ல முடியாது. நாங்க எழுதுறதுல உங்க பேரு, நீங்க வேலை பாக்குற இடம் எதுவும் வராது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்ப வேணும்னாலும் போதும்னு சொல்லலாம். மறந்துடாம இருக்க போன்ல பதிவு பண்ணிக்கலாமா?"

பணம் வராது என்ற வரியைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். பதிவு வேண்டாம் என்றால் கையால் எழுதலாம், இரண்டாவது முறை கெஞ்ச வேண்டாம்.

தொடக்கம்

"நீங்க உப்பள வேலைக்கு எப்படி வந்தீங்க, அதைச் சொல்லுங்கக்கா."

பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கே அம்மா, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் வந்துவிடும், ஓடவிடுங்கள். தயங்கினால்: முதல் நாள் யார் கூட்டிட்டுப் போனாங்க? இப்ப பாத்தியில என்ன வேலை பாக்குறீங்க? ஜனவரியில் சேறு வாரி, மிதித்து, பாத்தியைச் சரிசெய்யும் வேலை நடந்துகொண்டிருக்கும், அதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஐந்து பத்து நிமிடம் போதும்.

போன மழை

நம் வேலையின் உயிர் இந்தப் பகுதிதான், பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். "மழைக்காலத்துல பொதுவா எப்படி இருக்கும்" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும், அது உண்மைதான், ஆனால் அதை வைத்து நாம் ஒன்றும் புரிந்துகொள்ள முடியாது. அதனால் நடந்து முடிந்த ஒரே ஒரு மழைக்காலத்தை, இப்போது போன அந்த மாதங்களை, வரிசையாகக் கேட்போம்.

"இந்த வருஷம் மழை ஆரம்பிச்சு வேலை நின்னுச்சுல்ல, அன்னைக்கு இருந்து பொங்கல் வரைக்கும் வீட்ல என்னென்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

தேதி கேட்காதீர்கள். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பள்ளிக்கூடத்து அரையாண்டுப் பரீட்சை, இவற்றைப் பிடித்துக்கொண்டு நகருங்கள்.

துணைக்கேள்விகள்: இனி வேலை இல்லன்னு யார் வந்து சொன்னாங்க? அப்ப கையில என்ன இருந்துச்சு? தீபாவளிக்கு என்ன பண்ணீங்க? வேற வேலைக்குப் போனீங்களா, அது எப்படிக் கிடைச்சது? (மீன் கம்பெனி, கட்டிட வேலை, காட்டு வேலை, நூறு நாள் வேலை என்று நாமே பட்டியல் போட்டு எடுத்துக்கொடுக்க வேண்டாம்.) வீட்ல எதைக் குறைச்சீங்க, முதல்ல யாரு குறைச்சாங்க?

கடைசிக் கேள்விக்குப் பிறகு பேசாமல் இருங்கள். தான் சாப்பிடாததைச் சொல்ல ஒருவருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். நாம் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போனால் அது வெளியே வராமலே போய்விடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாராவது எடுத்தால் கேளுங்கள், அந்தப் பகுதியில் உப்பளங்கள் பெரிய அளவில் பாதிக்கப்பட்டன. ஆனால் முடிந்ததும் "இந்த வருஷம் அது மாதிரி இல்லைல்ல, எப்படிப் போச்சு?" என்று திரும்பக் கூட்டிவாருங்கள்.

கடன், முன்பணம்

"அந்த மாசங்கள்ல யார்கிட்டயாவது பணம் கேக்க வேண்டி வந்துச்சா? ஒரு தடவை நடந்ததைச் சொல்லுங்க."

துணைக்கேள்விகள்: முதல்ல யாரை நெனச்சீங்க? யார்கிட்ட கேக்கக் கூடாதுன்னு வச்சிருக்கீங்க? உப்பளத்துல முன்பணம் வாங்கினா அப்புறம் எப்படிக் கழியும்? குழுக் கடன் தவணை அந்த மாசம் எப்படிக் கட்டினீங்க? நகை வச்சா, மீட்டது எப்போ?

எவ்வளவு என்று நாம் கேட்கப் போவதில்லை. அவராகச் சொன்னால் குறித்துக்கொள்ளலாம். "ஏன் அவ்வளவு வட்டிக்கு வாங்கினீங்க" போன்ற கேள்வி வேண்டவே வேண்டாம், அது குற்றம் சாட்டுவது போலக் கேட்கும். "அப்ப வேற என்ன வழி இருந்துச்சு?" என்று கேட்டால் அதே விஷயம் மரியாதையாக வரும்.

நிவாரணம்

"அரசாங்கப் பணம் ஏதாவது வந்துச்சா? வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

மழைக்கால 5,000 ரூபாயையும் மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயையும் சேர்த்துப் பேசுவார்கள். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, பிறகு எது எதற்குப் போனது என்று பிரித்துக் கேளுங்கள். யார் கணக்குல வந்துச்சு? எடுத்துட்டு வந்தது யாரு? வரும்போது மழை பாதி போயிருந்துச்சா? வரலைன்னா, எங்க போய்க் கேட்டீங்க, என்ன சொன்னாங்க? நிவாரணம் நல்லதா கெட்டதா என்ற கருத்துக் கேள்வி தேவையில்லை.

உடம்பு

"வேலை இல்லாத மாசத்துல உடம்பு எப்படி இருக்கும்?" கால் வெடிப்பு, கண் கூச்சம் என்று சொன்னால், வைத்தியத்தை மழைக்காலத்துக்குத் தள்ளிவைக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

முடிக்கும்போது

"நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்காக்கா?"

போனை அணைத்த பிறகுதான் பல பேர் முக்கியமானதைச் சொல்வார்கள். அதை எழுதலாமா என்று அங்கேயே கேட்டு, சரி என்றால் மட்டும் எழுதுங்கள். யாராவது அழுதால் கேள்விகள் அத்தோடு முடிந்தன. தண்ணீர் கொடுத்துக் கூட உட்காருங்கள், மிச்சம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்று இரவே அரைப் பக்கம் எழுதிவிடுங்கள்: யார் கூட இருந்தார், எங்கே குரல் தாழ்ந்தது, எந்தக் கேள்வி புரியவில்லை. பதிவுக்குப் பெயர் வேண்டாம், அ1, அ2 என்று எண் போதும். எண்ணுக்குரிய பெயர்கள் ஒரே ஒரு நோட்டில் இருக்கும், அது என் வீட்டில். முதல் இரண்டு நேர்காணல் முடிந்ததும் அடுத்ததுக்குப் போகாமல் நால்வரும் உட்கார்ந்து பதிவைக் கேட்போம், ஒற்றை வார்த்தைப் பதில் வாங்கிய கேள்விகளை அங்கேயே மாற்றி எழுதுவோம்.