தீபாவளி விடியல் வாழ்த்து: காரைக்குடி வீட்டிலிருந்து

20 அக்டோபர் 2025, திங்கட்கிழமை, அதிகாலை 3.30

ஐயாக்களுக்கும் ஆயாக்களுக்கும் அப்பத்தாக்களுக்கும் வணக்கம். வளவில் தூங்குகிற பிள்ளைகளுக்கும், சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் வீடுகளில் இருக்கும் பங்காளிகளுக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்! எல்லோரும் நல்லா இருக்கணும், எண்ணெயும் தண்ணீரும்போல மங்கலம் குறையாமல் இருக்கணும். சிங்கப்பூரில் இப்போது மணி ஆறு ஆகியிருக்கும். அங்கே இருக்கிறவர்கள் முதலில் எழுந்திருங்கள்.

விடிந்தபிறகு யாரைப் பார்த்தாலும் “கங்கா ஸ்நானம் ஆச்சா?” என்றுதான் கேட்போம். எண்ணெயில் லட்சுமி, வெந்நீரில் கங்கை என்பது இன்றைக்குள்ள ஐதீகம். நரக சதுர்த்தசிக் குளியல் சூரியன் உதிக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். நம்மூரில் இப்போது ஆறு மணியை ஒட்டி விடிகிறது. வீட்டில் 22 பேர், குளியலறை மூன்று. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் காய்ச்சியாயிற்று. அரை லிட்டர் நல்லெண்ணெயில் பத்துப் பதினைந்து மிளகு, அரைக் கரண்டி ஓமம், துடைத்து ஈரம் போக்கிய இரண்டு வெற்றிலை. வெற்றிலையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் மேலே தெறிக்கும். தீ கூடினால் மிளகு வெடிக்கும். அதனால் சிறு தீயில் வைத்து, வெற்றிலையின் சடசடப்பு அடங்கியதும் இறக்கிவிட்டோம். சென்னையில் காய்ச்சுகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். ஆறி, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதுதான் தலையில் வைக்க வேண்டும்.

இரண்டாம் கட்டில் பலகை போட்டுக் கோலமும் போட்டாயிற்று. கிழக்கே பார்த்து உட்காருங்கள். அப்பத்தா உச்சியில் முதல் எண்ணெய் வைப்பார். பிறகு அவரவரே தேய்த்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், நீளக் கூந்தல் என்றால் நாலு. உச்சந்தலை, காதின் பின்புறம், உள்ளங்கால் மூன்றையும் விடாதீர்கள். இருபது நிமிடம் ஊறினால் போதும். ஐப்பசி ஈரக்காற்றில் ஒரு மணி நேரம் எண்ணெயோடு திரிந்தால் அடுத்த நாள் மூக்கு அடைத்துக்கொள்ளும். காய்ச்சல், சளி உள்ளவர்கள் உச்சியில் மூன்று சொட்டு மட்டும் வைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் தெளித்தாலே குளித்த கணக்குதான். ஆயா ஒன்றும் சொல்லமாட்டார்.

ஆத்தங்குடிக் கல்லில் எண்ணெய் சிந்தினால் பளபளப்பில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காலை வாரிவிடும். பலகையிலிருந்து குளியலறை வரை சாக்கு விரித்திருக்கிறோம். அதை விட்டு இறங்கி நடக்காதீர்கள். சிந்திய இடத்தில் அரப்புத் தூளைத் தூவித் துடைத்தால் உறிஞ்சிக்கொள்ளும்.

சீயக்காயை வெறும் தண்ணீரில் கரைத்தால் எண்ணெய் போகாமல் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டிவரும். வடிகஞ்சியில் கரைத்து வைத்திருக்கிறோம், அது பிடித்துக்கொண்டு இழுக்கும். சிறுபிள்ளைகளுக்குக் கண்ணில் பட்டால் எரியும், தலையைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்து ஊற்றுங்கள். அண்டா வெந்நீர் கொதித்தபடி இருக்கிறது. வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு வெந்நீரைக் கலக்க வேண்டும். பிள்ளைகள் தானாக மொண்டு ஊற்றக் கூடாது.

குளித்து வந்ததும் வெறும் வயிற்றில் லேகியம். பெரியவர்களுக்கு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் சேர்ந்தது. இன்றைக்குத் தின்னப்போகிற பலகாரத்துக்கு முன்கூட்டிய வைத்தியம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம், அதில் தேன் இருக்கிறது. உங்கள் வீட்டு லேகியம் பாகு முற்றிக் கல்லாகியிருந்தால், பாத்திரத்தை வெந்நீரில் வைத்து, ஒரு கரண்டி நெய் விட்டுக் கிளறுங்கள், இளகும்.

புதுத்துணி சாமி அறையில் தாம்பாளத்தில், மூலையில் மஞ்சள் தொட்டு, அவரவர் பெயர்ச் சீட்டோடு இருக்கிறது. ஐயா கையால் வாங்கி, விழுந்து கும்பிட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். தலை நன்றாக உலராமல் உடுத்தாதீர்கள்: மிச்ச எண்ணெய் பட்டுத் தோளில் இறங்கினால் கறை. பட்டுவிட்டால் தண்ணீர் தொடாமல் முகப்பவுடரைத் தூவி வைத்து, பிறகு தட்டிவிடுங்கள். ஆச்சிகளுக்குக் கண்டாங்கி எடுத்திருக்கிறோம். முதல் அலசலில் சிவப்பு இறங்கும், அதனால் உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாகத்தான் அலச வேண்டும். வேட்டி கட்டும் பையன்கள் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், வெடிக்கு ஓடும்போது அவிழ்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

பலகாரம் மூன்றாம் கட்டில். தேன்குழலும் அதிரசமும் சீப்புச் சீடையும் முந்தாநாளே டின்னில் ஏறிவிட்டன. காலைக்குச் சூடாக வெள்ளைப் பணியாரமும் உக்காரையும். பணியாரத்துக்கு அளவு தெரியாதவர்களுக்காக: ஒரு டம்ளர் பச்சரிசி தலைதட்டி, அதன் மேலேயே கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக ஆட்டி, உப்பும் ஒரு கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்து உடனே ஊற்ற வேண்டும். புளிக்கவிட்டால் நிறம் மாறும். மாவு தண்ணியானால் எண்ணெய் குடிக்கும், கெட்டியானால் ஓரம் வெடித்துக் கல்லாகும். ஒன்று ஒன்றாகத்தான் ஊற்ற வேண்டும், எழும்பியதும் ஒரே ஒரு முறை திருப்பல், சிவக்கும் முன் எடுத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். இதில் அவசரப்படுகிறவர் கரண்டியைத் தொடாமல் இலை போடப் போகலாம். உக்காரை சரிந்து களிபோல ஆனால், பாகு பதம் வருமுன் பருப்பைக் கொட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். உதிர்ந்து வரணும்.

வெடி காலை 6 முதல் 7 வரை, மாலையில் 7 முதல் 8 வரை மட்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி 2018 முதல் அரசு வகுத்த நேரம் இது. ஆறுக்கு முன் பட்டாசுப் பெட்டி திறக்காது. முகப்பிலும் வளவிலும் வேண்டாம், தெருவில் மட்டும். வாளியில் தண்ணீர், இன்னொன்றில் மணல் வைத்தாயிற்று. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பு தண்ணீர் வாளிக்குள். தரையில் போட்டால் அடுத்த பிள்ளை மிதிக்கும். புஸ்வாணத்தின் மேல் முகத்தைக் குனியாதீர்கள், கை நீட்டி நீளப் பத்தியால் பற்றவையுங்கள். வெடிக்காத லட்சுமி வெடியை மறுபடி தொடாமல் கால் மணி நேரம் விட்டு, தண்ணீரை ஊற்றி நமுத்துப்போகச் செய்யுங்கள். முந்தானை இடுப்பில், பருத்தித் துணி உடம்பில். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு நெருப்புப் பக்கம் வரவே வேண்டாம். தீ பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் மையும் நெய்யும் வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு, அவசரத்துக்கு 108.

சிங்கப்பூரில் வெடி கூடாது, உங்களுக்குக் கம்பி மத்தாப்பு. இன்றைக்குத் திருப்பத்தூர் போகிறவர்களே, வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காக வெடியே வெடிப்பதில்லை. அங்கே ஹார்ன் அடித்து அவர்கள் சத்தியத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

முதல் வரிசை: ஐயா, அப்பத்தா, பிறகு கடைக்குட்டிகள். கதவு தட்டும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட்டது.

கங்கா ஸ்நானம் ஆகட்டும். தீபாவளி நல்வாழ்த்துகள்!

— பெரிய வீட்டு ஆச்சிமார்