பொருள்: லாபி புதுப்பிப்புக்கு முன் மாதிரிப் படங்கள்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மதுரை ஹோட்டல் லாபியை மாற்றும் வேலை தைக்குப் பிறகு தொடங்குவதாக அறிந்தோம். தரையை உடைக்கும் முன், ஏஐ மூலம் உருவாக்கிய மாதிரிப் படங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஒரு காலை 7 மணிக்கு வந்து நான்கு மூலைகளிலிருந்தும், 5 அடி உயரத்தில் படம் எடுப்போம். அதிகம் அகலமான லென்ஸ் வேண்டாம். தூண்கள் வளைந்து தெரியும். அந்தப் படங்களின் மீதே ஆத்தங்குடித் தரை, தேக்கு, வெளிர் கிரானைட் என மூன்று பாணிகளில் 12 படங்கள். இரண்டு முறை திருத்தம். 6 வேலை நாள். கட்டணம் ரூ. 18,000, வரி தனி.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். இந்த மென்பொருள் தூணை நகர்த்தும், இல்லாத ஜன்னலைத் திறக்கும், சோபாவைச் சிறிதாக்கி இடத்தைப் பெரிதாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு படத்தையும் தரை வரைபடத்தோடு ஒப்பிட்டே அனுப்புவோம். தச்சரிடம் இதைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லக் கூடாது. ஏசி டக்ட், ஸ்பிரிங்க்ளர், அவசர வழி எதையும் படம் கணக்கில் கொள்ளாது. அவை வேலை வரைபடத்தில்தான் வரும்.

வரும் புதன் காலை 11 மணிக்கு நேரில் வரலாமா? தரை வரைபடத்தின் நகல் மட்டும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உள் அலங்கார வடிவமைப்புக் குழு, மதுரை