புயலில் சேதமடைந்த மொட்டைமாடி சோலார் பேனல்களுக்கான இழப்பீட்டுக் கோரிக்கை

திண்டிவனம்,
9 ஜனவரி 2025

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டுப் பிரிவு,
விழுப்புரம்.

பொருள்: ஃபெஞ்சல் புயலில் சேதமடைந்த 4 சோலார் பேனல்கள் – தங்கள் 3 ஜனவரி கடிதத்திற்குப் பதிலும் இழப்பீட்டுக் கோரிக்கையும் – பாரத் கிரிஹ ரக்ஷா பாலிசி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்த 3.24 கிலோவாட் சோலார் அமைப்பின் 6 பேனல்களில் 4 சேதமடைந்தன. டிசம்பர் 2 அன்று தங்கள் அலுவலகத்திற்குத் தகவல் தந்தேன். தங்கள் சர்வேயர் டிசம்பர் 9 அன்று வந்து பார்த்தார். சேதத்திற்கு நிறுவிய வேலையின் குறையே காரணமாக இருக்கலாம் என்பதால் முதலில் வாரண்டியில் கோருமாறு தாங்கள் எழுதியுள்ளீர்கள். அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.

தங்கள் ஐயத்திற்கு அடிப்படை, பேனல்களை நிறுவியவரின் அறிக்கையில் உள்ள ஒரு வரி: "இரண்டாம் வரிசையின் மேற்கு முனையில் உள்ள கிளாம்பில் துரு காணப்படுகிறது." அவ்வரி உண்மைதான், ஆனால் அந்தக் கிளாம்ப் பிடித்திருக்கும் பேனல் இம்மியும் நகரவில்லை, கீறலும் இல்லை, இன்றும் மின்சாரம் தந்துகொண்டிருக்கிறது. சேதமடைந்தவை நான்கும் கிழக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டை ஒட்டி இருந்தவை. அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையின் பச்சை வண்ணம் பூசிய தகரம் ஒன்று காற்றில் பெயர்ந்து வந்து விழுந்ததையும், இரண்டு பேனல்களின் கண்ணாடி முழுவதும் நொறுங்கியதையும், மூன்றாவதன் அலுமினியச் சட்டம் வளைந்து கிளாம்பைப் பிடுங்கிக்கொண்டதையும் அதே அறிக்கை அடுத்த பத்தியில் விவரிக்கிறது. வளைந்த சட்டத்தின் விளிம்பில் ஒட்டியுள்ள பச்சை வண்ணத்தைச் சர்வேயர் தம் கைப்பேசியில் படமெடுத்துள்ளார். தகரத்தை நான் அப்புறப்படுத்தவில்லை. அதன் மடிப்புகளில் கண்ணாடித் துகள்கள் இன்னும் கிடக்கின்றன.

தாங்கிச் சட்டகம் மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று பணி நிறைவுச் சான்றிதழ் கூறுகிறது. புயல் கரை கடந்தபோது காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் வரை வீசியது. "அப்படியானால் பேனல்கள் ஏன் உடைந்தன?" என்று கேட்பது நியாயமே. காற்று அவற்றைப் பெயர்க்கவில்லை, காற்று கொண்டுவந்த தகரம் உடைத்தது என்பதே பதில். புயலும், வெளிப்பொருள் மோதுவதால் ஏற்படும் சேதமும் இரண்டுமே என் பாலிசியில் தனித்தனியாகக் காப்பீடு செய்யப்பட்ட அபாயங்கள். கட்டடத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்ட சோலார் பேனல்களும் பாலிசியின் கட்டட விளக்கத்தில் அடங்கும்.

வாரண்டியைப் பொறுத்தவரை, பேனல் தயாரிப்பாளரிடம் டிசம்பர் 12 அன்றே விண்ணப்பித்தேன். இயற்கைச் சீற்றமும் வெளிப்பொருள் மோதலும் 12 ஆண்டு வாரண்டிக்கு விலக்கு என்று அவர்கள் எழுத்து மூலம் மறுத்துவிட்டனர். தயாரிப்பாளர் புயல் என்று சொல்லி ஒதுக்க, தாங்கள் வேலைக்குறை என்று சொல்லி ஒதுக்கினால், ஒரே தகரம் உடைத்த ஒரே பொருளுக்கு இரண்டு காரணங்கள் ஆகிவிடும். அது பொருந்தாது.

நான்காவது பேனலைப் பற்றி மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதன் கண்ணாடி உடையவில்லை. ஆனால் திறந்த சுற்று மின்னழுத்தம் ஏறத்தாழ 49 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 33 வோல்ட்தான் காட்டுகிறது, அதாவது மூன்றில் ஒரு பகுதி செயலற்றுவிட்டது. பின்புறத் தாளில் தகரத்தின் முனை இழுத்த கோடு தெரிந்தாலும், பைபாஸ் டயோடு பழுதானாலும் இதே அளவீடு வரக்கூடும் என்று நிறுவியவர் குறிப்பிட்டுள்ளார். அது மின்பழுது என்றால் பாலிசியில் விலக்கு, வாரண்டியில் சேரும். எனவே இந்த ஒரு பேனலை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பி முடிவு செய்ய எனக்குச் சம்மதம். அதற்காக மற்ற மூன்றின் தொகையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

கோரும் தொகை: பேனல் ஒன்றுக்கு 13,800 ரூபாய் வீதம் 4 பேனல்களுக்கு 55,200 ரூபாய், தாங்கிக் கம்பிகளும் கிளாம்புகளும் 9,400, டிசி கேபிளும் இணைப்பிகளும் 2,900, கூலி 6,500, ஆக மொத்தம் 74,000 ரூபாய். துருப்பிடித்த கிளாம்பின் விலையை இதில் சேர்க்கவில்லை. அதை நிறுவியவரே மாற்றித் தருகிறார். மின் உற்பத்தி இழப்பையும் கோரவில்லை.

நிறுவியவரின் அறிக்கை, பணி நிறைவுச் சான்றிதழ், தயாரிப்பாளரின் மறுப்புக் கடிதம், விலைப்பட்டியல், 14 புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். சர்வேயர் அறிக்கையின் நகலை எனக்குத் தருமாறும், கோரிக்கையின் எந்தப் பகுதியையாவது மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். உடைந்த பேனல்கள் தார்ப்பாய் மூடி மாடியிலேயே உள்ளன. மறு ஆய்வுக்கு எந்த நாளில் வந்தாலும் பார்க்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
க. தேன்மொழி
பாலிசிதாரர்